ரிப்போர்ட் முழுக்க ‘ஆர்’ என்று இருந்தால் ஊசிதான் போட வேண்டுமா?

தக்கலையில் இருக்கும் என் மாமிக்கு 61 வயது. பத்து வருஷமாகச் சர்க்கரை. போன சித்திரையில் மூன்று நாளாகச் சிறுநீர் போகும்போது எரிச்சல், அரை மணிக்கு ஒரு தடவை போக வேண்டும்போல் இருக்கும், போனால் கொஞ்சமாகத்தான் வரும். காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை, முதுகில் வலி இல்லை. யூரின் கல்ச்சர் கொடுத்தார்கள். ரிப்போர்ட் வந்த சாயங்காலம் துபாயில் இருக்கும் அவர் மகனுக்கு வாட்ஸ்அப்பில் படம் போயிற்று, பத்து நிமிஷத்தில் அவன் எனக்குப் போன் செய்துவிட்டான். “அக்கா, ஒரே ஆர் ஆர்னு இருக்கு. மருந்துக்கு அடங்காத கிருமியாம். இன்னிக்கு ராத்திரியே ஆஸ்பத்திரியில சேர்த்துரட்டா?” பின்னாலேயே மாமி. “ஆசாரிபள்ளம் பெரியாஸ்பத்திரியில போய்க் கெடக்கணுமா மக்களே?”

நான் நாகர்கோவிலில் ஒரு லேபில் கல்ச்சர் மேசையில் வேலை செய்கிறேன். இந்த மாதிரி ரிப்போர்ட்டைத் தினமும் பார்க்கிறேன், அதைக் கையில் வாங்கிக்கொண்டு வெளுத்துப்போகும் முகங்களையும் பார்க்கிறேன். மாமிக்கு ஊசி தேவைப்படவில்லை. அதே வாரம் கிட்டத்தட்ட அதே ரிப்போர்ட் வந்த இன்னொரு பெண்ணுக்கு ஊசி இல்லாமல் முடியாது என்ற நிலை. ஒரே கிருமி, ஒரே பட்டியல், இரண்டு வேறு வைத்தியம். ஏன் என்று புரிந்துவிட்டால் இந்த ரிப்போர்ட்டில் முக்கால்வாசி புரிந்த மாதிரிதான். அதனால் அந்த இரண்டு பேரையும் வைத்தே சொல்கிறேன்.

முதலில் அந்தத் தாள் எப்படி உருவாகிறது என்று பார்க்கலாம். நீங்கள் கொடுக்கும் சிறுநீரில், மிகச் சின்ன அளவு மட்டும் எடுக்கிற ஒரு கம்பி வளையத்தை முக்குவோம். ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் அதில் ஏறும். அதைக் கிருமி வளர்வதற்கான தட்டில் இழுத்துவிட்டு 37 டிகிரி பெட்டியில் ஒரு ராத்திரி வைப்போம். காலையில் திறந்தால் புள்ளி புள்ளியாக வளர்ந்திருக்கும். ஒரு புள்ளி என்றால் ஒரு மில்லி சிறுநீரில் சுமார் ஆயிரம் கிருமி. நூறு புள்ளி என்றால் ஒரு லட்சம். ரிப்போர்ட்டில் ‘ஒரு லட்சத்துக்கு மேல்’ என்று வருவது இந்த எண்ணிக்கையைத்தான். அது நிஜமான தொற்றுக்குப் பழைய காலத்திலிருந்து இருக்கும் எல்லைக்கோடு. ஆனால் எரிச்சலும் அடிக்கடி போவதுமாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு அதைவிடக் குறைவாக வந்தாலும் ஒதுக்கித் தள்ள முடியாது.

அடுத்த நாள் அந்தப் புள்ளியைத் தொட்டு எடுத்து என்ன கிருமி என்று கண்டுபிடிப்போம், ஒவ்வொரு மருந்தோடும் சேர்த்து வளர்த்துப் பார்ப்போம். அதற்கு இன்னொரு ராத்திரி. இரண்டு மூன்று நாள் ஆகும் என்று சொல்வது இதனால்தான். கிருமி வளர்கிற வேகத்தைவிட வேகமாக எங்களால் ரிப்போர்ட் கொடுக்க முடியாது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் தாண்ட மனசு வரவில்லை. குலசேகரம் பக்கமிருந்து காலையில் பாட்டிலில் பிடித்து, பையில் போட்டு, பஸ் ஏறி, நடுவில் வங்கி வேலையையும் முடித்துக்கொண்டு மதியம் லேபுக்கு வருகிறவர்கள் நிறைய. ஈ.கோலை என்ற கிருமி நம்ம ஊர் வெயிலில் பாட்டிலுக்குள் சும்மா இருக்காது. அரை மணிக்கு ஒரு தடவை இரட்டிக்கிறது என்று வைத்தால்கூட இரண்டு மணி நேரத்தில் பதினாறு மடங்கு. தோலிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த நாலு கிருமி தொற்று மாதிரி வேஷம் போட்டுவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து தாருங்கள், முடியாவிட்டால் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு ஐஸ் போட்ட டப்பாவில் கொண்டுவாருங்கள், ஃபிரிட்ஜில் ஒரு நாள் வரை தாங்கும். தண்ணீரால் கழுவிவிட்டு, முதலில் வருவதைக் கீழே விட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். ரிப்போர்ட்டில் ‘மூன்று வகைக்கு மேல் கலந்து வளர்ந்துள்ளது’ என்று இருந்தால் அனேகமாகப் பிடித்த விதத்தில் கோளாறு, மறுபடி கொடுக்க வேண்டியதுதான். மிக முக்கியமாக, முதல் மாத்திரை வாயில் போவதற்கு முன்னால் பிடிக்க வேண்டும். இரண்டு வேளை போட்டுவிட்டுக் கொடுத்தால் கிருமி அமுங்கி, ‘வளர்ச்சி இல்லை’ என்று வந்துவிடும், நோயோ அப்படியே இருக்கும்.

சரி, மாமியின் தாளுக்கு வருவோம். ஈ.கோலை, ஒரு லட்சத்துக்கு மேல். கீழே பட்டியல். தேவையான வரிகளை மட்டும் எழுதுகிறேன்:

செஃப்ட்ரியாக்சோன் – ≥64 – ஆர்
சிப்ரோஃபிளாக்சசின் – ≥4 – ஆர்
கோ-ட்ரைமாக்சசோல் – ≥320 – ஆர்
நைட்ரோஃபுரான்டாயின் – ≤16 – எஸ்
ஃபாஸ்ஃபோமைசின் – ≤16 – எஸ்
பிப்பராசிலின்-டாசோபாக்டம் – 8 – எஸ்
எர்டாபெனெம் – ≤0.12 – எஸ்
மெரோபெனெம் – ≤0.25 – எஸ்
அமிகாசின் – ≤2 – எஸ்

கடைசியில் ஒரு வரி: இஎஸ்பிஎல் உற்பத்தி செய்யும் கிருமி.

எஸ் என்றால் வழக்கமான அளவில் கொடுத்தால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்கும். ஆர் என்றால் அடங்காது. சில ரிப்போர்ட்டில் நடுவில் ஐ என்றும் வரும், அளவைக் கூட்டினாலோ மருந்து நிறையச் சேரும் இடத்தில் நோய் இருந்தாலோ கேட்கக்கூடும் என்று அர்த்தம், அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நடுவில் இருக்கும் எண்ணில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். அது கிருமியின் வளர்ச்சியை நிறுத்தத் தேவையான மருந்தின் மிகக் குறைந்த அளவு. எண் சின்னதாக இருந்தால் நல்ல மருந்து என்று நினைத்துக்கொண்டு, பட்டியலில் எது சின்ன எண் என்று தேடி வட்டம் போட்டுக் கொண்டுவருவார்கள். அப்படி ஒரு மருந்தின் எண்ணை இன்னொரு மருந்தின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. மாமியின் தாளிலேயே பாருங்கள். சிப்ரோஃபிளாக்சசினுக்கு 4, நைட்ரோஃபுரான்டாயினுக்கு 16. நாலுதான் சின்னது, ஆனால் அது ஆர், பதினாறுதான் எஸ். சிப்ரோவுக்கு 0.25 வரைதான் எஸ், நைட்ரோஃபுரான்டாயினுக்கு 32 வரை எஸ். ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனிக் கோடு, அந்தக் கோட்டை வைத்துப் பார்த்துத்தான் லேபில் எழுத்தைப் போடுகிறோம். எர்டாபெனெம் 0.12 என்று இருப்பதால் அது அமிகாசினைவிடப் பதினாறு மடங்கு பலமானது என்று ஆகிவிடாது. நீங்கள் எழுத்தைப் பார்த்தால் போதும்.

பட்டியலில் இல்லாத மருந்தைப் பற்றியும் தாள் பேசும். மாமி அந்த வருஷம் இரண்டு தடவை எரிச்சல் வந்தபோது மருந்துக்கடையில் சொல்லி செஃபிக்சிம் மாத்திரை வாங்கி ஐந்து நாள் சாப்பிட்டிருக்கிறார். “அந்த மாத்திரை பேரே இதுல இல்லையே, அப்ப அது கேக்கும்தானே?” என்று கேட்டார். கேட்காது. செஃப்ட்ரியாக்சோனும் செஃபிக்சிமும் ஒரே குடும்பம், லேபில் எல்லாவற்றையும் வைத்துப் பார்க்காமல் குடும்பத்துக்கு ஒன்று இரண்டு வைத்துப் பார்ப்போம். செஃப்ட்ரியாக்சோன் ஆர் என்றால் செஃபிக்சிமும் போயிற்று. அதேபோல் சிப்ரோ ஆர் என்று வந்த பிறகு ஆஃப்லாக்சசின் வாங்கிச் சாப்பிட்டுப் பார்ப்பதில் பயன் இல்லை. இந்த செஃபிக்சிம் எச்1 பட்டியலில் இருக்கும் மருந்து. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, 2014 முதல் யாருக்குக் கொடுத்தோம் என்று கடையில் பதிவும் வைக்க வேண்டும். மாமிக்குக் கேட்டதும் கிடைத்திருக்கிறது. சீட்டு இல்லாமல் சாப்பிட்ட அந்த இரண்டு தடவையும் குடலில் இருந்த சாதாரணக் கிருமிகளை அழித்து, அந்த மருந்துக்கு அழியாதவற்றுக்கு இடம் விட்டிருக்கும். சிறுநீர்த் தொற்றுக்குக் காரணமான ஈ.கோலை அங்கிருந்துதான் வருகிறது.

இஎஸ்பிஎல் என்ற வரிதான் துபாய்வரை போய் எல்லோரையும் பயமுறுத்தியது. அது ஒரு நொதியின் பெயர்ச்சுருக்கம். பென்சிலின் குடும்பத்துக்கும் செஃப்ட்ரியாக்சோன் குடும்பத்துக்கும் உயிர்நாடியான ஒரு வளையம் அவற்றின் மூலக்கூறில் இருக்கிறது, அந்த நொதி அந்த வளையத்தை உடைத்துவிடும். நொதியைச் செய்யும் மரபணு பெரும்பாலும் டிஎன்ஏவின் ஒரு சின்ன வட்டத் துண்டில் உட்கார்ந்திருக்கும், ஒரு கிருமியிடமிருந்து இன்னொன்றுக்கு அந்தத் துண்டு அப்படியே கைமாறும். வேறு மருந்துகளுக்கான எதிர்ப்பும் அதே துண்டில் சேர்ந்தே வருவது வழக்கம். செஃப்ட்ரியாக்சோன் ஆர் ஆன தாளில் கோ-ட்ரைமாக்சசோலும் கூடவே ஆர் ஆகி நிற்பது அதனால்தான் அடிக்கடி நடக்கிறது. எர்டாபெனெம், மெரோபெனெம் ஆகியவற்றை இந்த நொதியால் உடைக்க முடியாது. நைட்ரோஃபுரான்டாயினும் ஃபாஸ்ஃபோமைசினும் வேறு வழியில் வேலை செய்யும் மருந்துகள், அவற்றில் அந்த வளையமே இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். இஎஸ்பிஎல் என்பது எந்த மருந்து கேட்கும் என்பதைப் பற்றிய சேதி மட்டும்தான். நோய் எவ்வளவு கடுமை என்பதை அது சொல்லாது. மருந்துக்கு அடங்காத கிருமி மூத்திரப்பையில் இருந்துகொண்டு வெறும் எரிச்சலோடு நின்றுவிடலாம். எல்லா மருந்துக்கும் அடங்குகிற சாதுவான ஈ.கோலை சிறுநீரகத்தில் ஏறி, ரத்தத்தில் கலந்து, ஆளைச் சாய்த்துவிடலாம்.

அந்த இன்னொரு பெண்ணின் கதையை இப்போது சொல்கிறேன். 34 வயது, முந்திரி ஆலையில் பருப்பு உடைக்கிறவர். வேலையிடத்தில் ஒதுங்க வசதி சரியில்லை என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை தண்ணீர் குடிக்காமலே இருந்திருக்கிறார். முதலில் எரிச்சல், நாலாம் நாள் 103 டிகிரி காய்ச்சல், பல் அடிக்கிற குளிர் நடுக்கம், வலது விலாவுக்குக் கீழே பின்பக்கம் தொட்டால் துடிக்கிற வலி, கஞ்சி குடித்தாலும் வாந்தி. வீட்டுக்குப் பக்கத்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். சிறுநீரும் ரத்தமும் கல்ச்சருக்கு எடுத்துவிட்டு, ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் செஃப்ட்ரியாக்சோன் ஊசி தொடங்கினார்கள். அது சரியான முறைதான். இந்த மாதிரிக் காய்ச்சலோடு இரண்டு நாள் சும்மா இருக்க முடியாது, தெரிந்த நிலவரத்தை வைத்து ஒரு மருந்தைத் தொடங்கிவிட்டு, ரிப்போர்ட் வந்த அன்று அந்த முடிவை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த மறுபடி பார்ப்பதில்தான் சில இடங்களில் தவறிவிடுகிறது.

இரண்டு நாள் ஆகியும் காய்ச்சல் இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை ரிப்போர்ட் தயாரானதும் வார்டுக்கு நாங்களே போன் செய்து சொன்னோம். ஈ.கோலை, இஎஸ்பிஎல், மாமியின் தாளில் இருந்த அதே எழுத்துகள். டாக்டர் எர்டாபெனெம் ஊசிக்கு மாற்றினார். தாளை வாங்க வந்த கணவர், படித்த மனுஷர், விரலை வைத்துக் கேட்டார்: “நைட்ரோஃபுரான்டாயின் எஸ்னு இருக்கே மேடம். மாத்திரையில தீருறதுக்கு எதுக்கு இவ்வளவு செலவுல ஊசி?”

நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரைக்கே அதுதான் மையம். நைட்ரோஃபுரான்டாயினை விழுங்கினால் அது குடலில் உறிஞ்சப்பட்டு, ரத்தத்தில் நிற்காமல் விறுவிறுவென்று சிறுநீரகம் வழியாகச் சிறுநீரில் இறங்கிவிடும். சிறுநீரில் அதன் அடர்த்தி மிக அதிகம். ரத்தத்திலும் சிறுநீரகத்தின் சதையிலும் கிருமியைக் கொல்லும் அளவுக்குச் சேராது. நாங்கள் அதற்கு எஸ் போடுவதும் ‘சிறுநீரில் சேரும் அளவுக்கு அடங்கும்’ என்ற கணக்கில்தான். வாயால் குடிக்கும் ஃபாஸ்ஃபோமைசினுக்கும் இதே கதை. மாமியின் கிருமி மூத்திரப்பையில், அதாவது சிறுநீர் தேங்குகிற இடத்திலேயே இருந்தது, மருந்து நேரே அதன் தலையில் போய் விழும். அந்தப் பெண்ணின் கிருமி சிறுநீரகச் சதைக்குள் போய்விட்டது, ரத்தத்திலும் கலந்திருக்கக்கூடும். அங்கே இந்த எஸ் செல்லாது. தாளில் எஸ் என்ற எழுத்து, நோய் இருக்கும் இடத்துக்கு அந்த மருந்து போய்ச் சேருமா என்பதைச் சொல்வதில்லை. அதை நோயாளியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கணவருக்கு நான் இதை ஒரு தாளில் சிறுநீரகம், குழாய், பை என்று படம் போட்டுக் காட்டினேன். மேலே அவரை விதை வடிவில் போட்டிருந்த சிறுநீரகத்தைத் தொட்டு, “காய்ச்சலும் இந்த வலியும் இங்கிருந்து வருது, மாத்திரை வேலை செய்யுறது கீழே இந்தப் பையில” என்றேன். உடனே புரிந்துகொண்டார்.

மாமிக்கு என்ன நடந்தது? டாக்டர் முதலில் கிரியாட்டினின் பார்க்கச் சொன்னார், 0.9 வந்தது. வயது, எடை எல்லாம் போட்டுக் கணக்குப் பார்த்தால் சிறுநீரகம் வடிகட்டும் வேகம் நிமிஷத்துக்குச் சுமார் 60 மில்லி. இது ஏன் முக்கியம் என்றால் நைட்ரோஃபுரான்டாயின் சிறுநீரில் இறங்கினால்தான் வேலை செய்யும், சிறுநீரகம் மந்தமாக இருந்தால், முக்கியமாக 30-க்குக் கீழே போய்விட்டால், மருந்து பைக்கும் போய்ச் சேராது, உடம்பில் தங்கி நரம்புக்கும் கெடுதல் செய்யும். மாமிக்கு 60 என்பதால் தாராளமாகக் கொடுக்கலாம். 100 மில்லிகிராம், காலை இரவு, சாப்பாட்டோடு. சாதாரணமாக ஐந்து நாள், சர்க்கரை இருப்பதால் டாக்டர் ஏழு நாள் எழுதினார். சிறுநீர் கட்டன்சாயா நிறத்தில் போகலாம், பயப்பட வேண்டாம் என்று நான் சொல்லி வைத்தேன். சொல்லாமல் விட்டிருந்தால் ரத்தம் என்று நினைத்து மாத்திரையை நிறுத்தியிருப்பார். இரண்டாம் நாளே எரிச்சல் பாதியாகக் குறைந்தது. ஃபாஸ்ஃபோமைசின் கொடுத்திருந்தாலும் சரிதான், மூன்று கிராம் பொடியைத் தண்ணீரில் கலக்கி ஒரே தடவை குடிப்பது.

இந்த மாத்திரைக்கும் விலக்குகள் உண்டு. பிரசவத்துக்கு நெருங்கிய கர்ப்பிணிகளுக்கும், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கும் நைட்ரோஃபுரான்டாயின் ஆகாது. ஆண்களுக்குத் தொற்று வந்தால் பெரும்பாலும் புராஸ்டேட்டும் சேர்ந்திருக்கும், அங்கே இது போய்ச் சேராது. புரோட்டியஸ், சூடோமோனாஸ் என்று கிருமியின் பெயர் இருந்தால் அவை பிறவியிலேயே இதற்கு அடங்காதவை.

அப்படியானால் ஊசி எப்போது? குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவின் பின்பக்கம் வலி, வயிற்றில் எதுவும் நிற்காத வாந்தி, இவை இருந்தால் சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு ஊசியில் தொடங்குவார்கள். ரத்த அழுத்தம் இறங்குவது, மூச்சு வேகமாக வாங்குவது, வயசானவர் திடீரென்று குழம்பிப் பேசுவது, சிறுநீர் போகும் அளவே குறைந்துபோவது, இவை வந்தால் ராத்திரி என்று பார்க்காமல் கிளம்ப வேண்டும். கர்ப்பிணிக்குக் காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று என்றாலும் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. இங்கெல்லாம் ஊசியை முடிவு செய்வது நோய். தாளின் வேலை எந்த ஊசி என்று சொல்வது.

தாளே ஊசியைக் கேட்கும் நிலையும் உண்டு. வாயால் சாப்பிடும் மருந்து எல்லாமே ஆர் ஆகிவிட்டால், நோய் பையோடு நின்றிருந்தாலும் ஊசிதான் வழி. அப்போதும் ஏழு நாள் மெரோபெனெம் என்று உடனே பதற வேண்டாம். மூத்திரப்பைத் தொற்றுக்கு அமிகாசின் எஸ் என்று இருந்தால் ஒரே ஒரு ஊசியே பலருக்குப் போதும், ஏனென்றால் அது சிறுநீரில் நிறையச் சேர்ந்து சில நாள் தங்கும். ஆனால் அமிகாசின் சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கக்கூடிய மருந்து, எடைக்கு ஏற்ற அளவும் கிரியாட்டினினும் பார்க்காமல் போடக் கூடாது. ஒரு ஊசிக்கே இந்தக் கவனம் வேண்டும், நாள் கணக்கில் போட்டால் இன்னும் அதிகம்.

அந்தப் பெண்ணுக்கு எர்டாபெனெமை ஏன் தேர்ந்தெடுத்தார்கள், பட்டியலில் பிப்பராசிலின்-டாசோபாக்டமும் எஸ்தானே என்று கேட்கலாம். லேபில் எஸ் வந்தாலும் இஎஸ்பிஎல் கிருமி ரத்தத்தில் இருக்கும்போது அதை நம்பி இறங்குவதில்லை. 2018-ல் வெளியான மெரினோ ஆய்வில், செஃப்ட்ரியாக்சோனுக்கு அடங்காத ஈ.கோலை, கிளெப்சியெல்லா ரத்தத்தில் கலந்த நோயாளிகளுக்கு சிலருக்கு பிப்பராசிலின்-டாசோபாக்டமும், சிலருக்கு எர்டாபெனெமின் குடும்பத்தைச் சேர்ந்த மெரோபெனெமும் கொடுத்துப் பார்த்தார்கள். 30 நாளுக்குள் இறந்தவர்கள் மெரோபெனெம் வாங்கியவர்களில் நூற்றுக்கு 3.7, பிப்பராசிலின்-டாசோபாக்டம் வாங்கியவர்களில் 12.3. வெறும் மூத்திரப்பைத் தொற்றுக்கு அதைத் தொடங்கி ஆள் தேறி வந்தால் மாற்ற வேண்டியதில்லை, சிறுநீரகமும் ரத்தமும் என்றால்தான் இந்த எச்சரிக்கை. மெரோபெனெம் எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போட வேண்டும், படுக்கையில் இருந்தே ஆக வேண்டும். எர்டாபெனெம் ஒரு கிராம், நாளைக்கு ஒரு தடவை. நிலைமை மிக மோசமானவர்களுக்கு மெரோபெனெம், நிலையாக இருப்பவர்களுக்கு எர்டாபெனெம் என்பது பொதுவான போக்கு.

மாற்றிய மறுநாள் காய்ச்சல் 100-க்கு இறங்கியது, அதற்கடுத்த நாள் இல்லை. ஸ்கேனில் கல்லோ அடைப்போ இல்லை. ரத்தக் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. இந்தக் கட்டத்தில் மற்றவர்களை மாத்திரைக்கு மாற்றிவிடுவார்கள், சிறுநீரகச் சதைக்குப் போய்ச் சேரும் மாத்திரைகள் சிப்ரோவும் கோ-ட்ரைமாக்சசோலும்தான் முக்கியம். அவருக்கு இரண்டுமே ஆர். அதனால் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தினமும் காலையில் வந்து ஒரு ஊசி போட்டுக்கொண்டு போகச் சொன்னார்கள், எர்டாபெனெம் தொடங்கிய நாளிலிருந்து ஏழு நாள் ஆனதும் நிறுத்தினார்கள். கேட்காத செஃப்ட்ரியாக்சோன் போட்ட நாட்களை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

சரியான ஊசி போட்டும் மூன்று நாளாகக் காய்ச்சல் விடவில்லை என்றால் உடனே இன்னும் பெரிய மருந்துக்குத் தாவுவதைவிட ஸ்கேன் செய்து பார்ப்பதுதான் அவசரம். கல் அடைத்துக்கொண்டு சீழ் மேலே தேங்கி நின்றால் எந்த எஸ்ஸும் வேலை செய்யாது, குழாய் போட்டு வடித்துவிட்டால்தான் இறங்கும். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சிறுநீரகத்தில் வாயு கட்டும் ஒரு கடுமையான வகையும் வரும், அதுவும் ஸ்கேனில்தான் தெரியும்.

மெரோபெனெமும் எர்டாபெனெமும்கூட ஆர் என்று வருகிற தாள்களும் இருக்கின்றன, முக்கியமாக ஐசியுவில் நாள் கணக்கில் கிடந்தவர்களுக்கும் ட்யூப் போட்டவர்களுக்கும். அது தனிக் கணக்கு, அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஊரில் அலையாமல் தொற்றுநோய் நிபுணர் இருக்கும் பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுவது நல்லது. அப்போதும் நைட்ரோஃபுரான்டாயினோ ஃபாஸ்ஃபோமைசினோ எஸ் என்று இருந்து, தொந்தரவு வெறும் எரிச்சல் மட்டும் என்றால் மாத்திரையிலேயே தீரலாம்.

மாத்திரை முடிந்து இரண்டு வாரம் கழித்து மாமி என் வீட்டுக்கு வந்தார். எரிச்சல் சுத்தமாக இல்லை, ராத்திரி ஒரு தடவைதான் எழுந்திருக்கிறார். கையில் ஒரு காலிக் கல்ச்சர் பாட்டில். “கிருமி போயிட்டுதான்னு ஒருக்க கூடப் பார்த்துரு மக்களே” என்றார். நான் பாட்டிலை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன். தொந்தரவு இல்லாதவருக்கு மறுபடி கல்ச்சர் தேவையில்லை. அவர் வயதில், சர்க்கரையோடு, எந்தத் தொந்தரவும் கொடுக்காமலே சிறுநீரில் கிருமி இருப்பது சாதாரணம். வளர்ந்தால் அதே இஎஸ்பிஎல் வரும், அதே ஆர் வரிசை வரும், துபாய்க்குப் படம் போகும், தேவையில்லாத மருந்து உள்ளே போகும். கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப் பாதையில் ரத்தம் கசியும் அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும்தான் தொந்தரவு இல்லாத கிருமியைத் தேடிப் பார்த்து மருந்து கொடுப்பார்கள். “மறுபடி எரிஞ்சா அன்னிக்கே, மாத்திரை போடுறதுக்கு முன்னாடி, இதுல பிடிச்சு எடுத்துட்டு வாங்க மாமி” என்றேன். பாட்டிலைத் திரும்ப வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.